பாட்டரி மாற்றினால் வாஷரையும் ஏன் மாற்ற வேண்டும்?

கேள்வி: "குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்ததும் என் வாட்ச் கண்ணாடியின் உள்பக்கம் பனி படிந்திருந்தது. அரைமணி நேரத்தில் தானாகவே மறைந்துவிட்டது. பின்மூடியில் 50 மீட்டர் என்று போட்டிருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்புதான் ஒரு கடையில் பாட்டரி மாற்றினேன். இப்போது வேறொரு கடைக்காரர் வாஷர் மாற்றிப் பிரஷர் டெஸ்ட் செய்ய வேண்டும் என்கிறார். பாட்டரிக்கும் வாஷருக்கும் என்ன சம்பந்தம்? அந்த டெஸ்ட் உண்மையில் ஏதாவது சொல்லுமா, இல்லை காசு பிடுங்கும் வேலையா?"

இரண்டாவது கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் உங்கள் வாட்சுக்குள் நீர் புகுந்துவிட்டது என்று இந்தப் பனியை மட்டும் வைத்து நான் சொல்லமாட்டேன். செங்கோட்டையில் 24 ஆண்டுகளாக வாட்ச் பழுது பார்த்து வருகிறேன். ஆனி, ஆடி மாதங்களில் சாரல் பிடித்துவிட்டால் உங்கள் கேள்வியோடு வாரத்துக்கு நாலைந்து பேராவது கடைக்கு வருவார்கள். ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம், புனலூர், கொட்டாரக்கரையிலிருந்து வருகிறவர்கள் "வாட்சில் வெள்ளம் கேறி" என்று சொல்லித்தான் மேசைமேல் வைப்பார்கள். அவர்களில் பாதிப் பேருடைய வாட்சுக்குள் ஏறியது நீர் அல்ல, கடையிலிருந்த ஈரக்காற்றுதான். மீதிப் பாதியில் உண்மையாகவே நீர் ஏறியிருக்கும். எது எது என்று பிரித்துப் பார்க்காமல் மூடியைத் திறந்து துடைத்துக் கொடுப்பதுதான் நம் ஊரில் நடக்கிற பெரிய தவறு.

முதலில் அந்த ஈரக்காற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாரல் நேரத்தில் கடைக்குள் 28 டிகிரி வெப்பமும் 90 சதவீத ஈரப்பதமும் இருப்பது சாதாரணம். அந்த நிலையில் ஒருவர் பின்மூடியைத் திறந்து, பாட்டரியை மாற்றி மூடினால், அந்தக் காற்றையே உள்ளே வைத்து மூடுகிறார். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தாலே அதிலுள்ள ஈரம் பனியாகப் படியும். அருவி நீர் அதைவிடக் குளிர்ச்சியானது. வாட்சில் முதலில் குளிர்வதும் கண்ணாடிதான். ஆகவே ஒரு சொட்டு நீர்கூடப் புகாத வாட்சிலும் குளித்து வந்ததும் மெல்லிய பனி தெரியலாம். கை சூட்டில் அது மறைந்தும் போகலாம். நீங்கள் எழுதியிருப்பது இதற்கு முழுக்கப் பொருந்துகிறது. ஆனால் நீர் கொஞ்சமாகக் கசிந்த வாட்சும் முதல்நாள் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்பதால் இதை வைத்து நிம்மதி அடையவும் முடியாது.

ஐயமில்லாமல் சொல்லக்கூடிய ஒன்று உண்டு. சாதாரண வாட்சுக்குள் மெஷின் போக மீதமுள்ள காற்று 2 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நான் மேலே சொன்ன ஈரக்காற்றில் அவ்வளவுக்குள் இருக்கிற நீர் மொத்தமே 0.05 மில்லிகிராம்தான். கடுகளவு நீர்த்துளி ஒன்றே ஒரு மில்லிகிராமுக்கு மேல் எடை இருக்கும். அதனால் கண்ணாடியிலோ டயலின் ஓரத்திலோ கண்ணுக்குத் துளியாக நீர் தெரிந்தால், அது அடைபட்ட காற்றிலிருந்து வந்திருக்க வழியே இல்லை, வெளியிலிருந்துதான் வந்தது. அப்படியிருந்தால் டெஸ்டுக்குக்கூடக் காத்திருக்காமல் அன்றே திறந்து, பாட்டரியை எடுத்துவிட்டு, மெஷினைக் காயவைக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்தது துளியா, மூச்சுவிட்டால் கண்ணாடியில் படியுமே அதுபோன்ற மங்கலா என்பதைத்தான் நான் உங்களிடம் முதலில் கேட்டிருப்பேன். மங்கல்தான் என்றால் இனி வருவது உங்களுக்கு உரியது.

அதற்கு முன் அருவியின்மேல் பழி போட வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 50 மீட்டர் என்பது 5 பார் அழுத்தம்; 10 மீட்டர் ஆழத்து நீர் தருவது ஏறத்தாழ 1 பார். பைக் டயருக்கு 30 பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிறோமே, அது 2 பாருக்குச் சற்று அதிகம் என்று நினைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வந்து மோதுகிற நீர்கூட அரை பார் அழுத்தத்தைத்தான் தரும். ரப்பர் நல்ல நிலையில் இருக்கிற 50 மீட்டர் வாட்சுக்கு அது பொருட்டே அல்ல. அருவியில் கேடு செய்வது அதன் வேகம் அல்ல, அதன் குளிர்ச்சி. வெயிலில் பைக் ஓட்டி வந்து 45 டிகிரிக்குச் சூடேறிய வாட்ச், 22 டிகிரி நீருக்குள் போனால், உள்ளேயிருக்கும் காற்றின் அழுத்தம் 7 சதவீதம் குறையும். வாட்ச் வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சப் பார்க்கும். அந்த உறிஞ்சலின் பலம் முக்கால் மீட்டர் ஆழத்து நீர் தருகிற அழுத்தத்துக்குச் சமம். பார்க்க அற்பமானதுதான். ஆனால் கெட்டுப்போன வாஷருக்கு மிகவும் ஆபத்தானது இப்படிப்பட்ட சிறிய அழுத்தமே. ஏன் என்பது கீழே வரும்.

வாஷர் என்று நாம் சொல்வது பின்மூடிக்கும் கேஸுக்கும் நடுவே ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் மெல்லிய ரப்பர் வளையம். கேஸ்கெட் என்பதும் அதுவே. பெரும்பாலும் நைட்ரைல் ரப்பரால் ஆனது. அது வெறுமனே இடைவெளியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. மூடியை இறுக்கும்போது நசுங்கி, மறுபடி விரிந்துகொள்ளப் பார்த்து, மேலும் கீழும் உலோகத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தள்ளல்தான் நீரைத் தடுக்கிறது. ஆனால் ரப்பரை ஆண்டுக்கணக்கில் நசுக்கியே வைத்திருந்தால், நசுங்கிய வடிவமே அதன் வடிவமாகிவிடும். மூடியை எடுத்தாலும் உருண்டையாகத் திரும்பாது. வாட்சின் பாட்டரி இரண்டு மூன்று ஆண்டு ஓடும் என்பதால், மூடி திறக்கப்படுகிற அன்றைக்கு வளையத்தின் வயதும் அவ்வளவு ஆகியிருக்கும்.

சென்ற ஆண்டு புனலூரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை கொண்டுவந்த வாட்சை இங்கே எடுத்துக்கொள்கிறேன். திருகுமூடி வைத்த ஸ்டீல் வாட்ச், 100 மீட்டர் என்று எழுதியது. நான்கு மாதத்துக்கு முன் வேறொரு கடையில் பாட்டரி மட்டும் மாற்றியிருந்தார்கள். ஆறாம் எண்ணின் பக்கம் பனி வந்துவந்து போகிறது என்றார். பிற்பாடு திறந்தபோது பழைய வளையத்தை எடுத்து டிஜிட்டல் காலிப்பரில் அளந்தேன். அதே அளவுள்ள புது வளையத்தின் தடிமன் 0.80 மி.மீ. பின்மூடியை முழுக்க இறுக்கினால் வளையத்துக்குக் கிடைக்கிற இடம் 0.64 மி.மீ. அதாவது புதியது 0.16 மி.மீ. நசுங்கி, அவ்வளவும் எதிர்த்துத் தள்ளும். பழையதன் தடிமன் 0.68 மி.மீ.தான் இருந்தது. நசுங்கிய அளவில் முக்கால் பங்கை அது நிரந்தரமாகவே இழந்துவிட்டது. எதிர்த்துத் தள்ள மிச்சமிருந்தது 0.04 மி.மீ. ஒரு தலைமயிரின் தடிமனைவிட அது குறைவு.

"அப்படியானால் பாட்டரி மாற்றுவதற்கு முன்பு மட்டும் எப்படி நீர் புகாமல் இருந்தது?" என்று அவரும் கேட்டார். எல்லோரும் கேட்கிற கேள்விதான், நியாயமானதும்கூட. திறக்காமல் இருந்தவரை, அந்த ரப்பர் அந்த மூடியின் ஒவ்வொரு கீறலுக்கும் மேடுபள்ளத்துக்கும் ஏற்றபடி தன்னை வார்த்துக்கொண்டு ஒட்டி உட்கார்ந்திருந்தது. தள்ளும் பலம் கொஞ்சமாக இருந்தாலும் பொருத்தம் கச்சிதமாக இருந்ததால் காத்தது. மூடியைத் திறந்தவுடன் அந்தப் பொருத்தம் போய்விட்டது. திரும்ப இறுக்கும்போது திருகுமூடி சுழன்றுகொண்டே வந்து வளையத்தின்மேல் உரசி அமர்கிறது. காய்ந்த ரப்பராக இருந்தால் அதை இழுத்து முறுக்கவும் செய்யும். பழைய தடத்திலேயே மறுபடி உட்காரும் வாய்ப்பு மிகக் குறைவு. பள்ளத்தில் சேர்ந்திருந்த வியர்வை அழுக்கு இடம் மாறிக் குறுக்கே விழுகிறது. புது வளையமாக இருந்தால் இதையெல்லாம் தன் 0.16 மி.மீ. பலத்தால் சமாளித்துக்கொள்ளும். 0.04 வைத்திருக்கிற பழையதால் முடியாது. அழுத்தி மூடுகிற வகை மூடியில் வேறொரு கேடும் உண்டு: கொஞ்சம் சாய்வாக அழுத்தினாலும் மூடியின் விளிம்பு ரப்பரைக் கவ்வி வெட்டிவிடும். மூடி 'டக்' என்று சத்தத்தோடு நன்றாக அமர்ந்ததுபோலவே இருக்கும்; வெட்டு வெளியே தெரியாது. ஆகையால் உங்களுக்குப் பாட்டரி மாற்றியவர் வாட்சைக் கெடுத்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை. அவர் பழைய வளையத்தையே திரும்ப நம்பினார். அது நம்பக்கூடிய நிலையில் இருந்திருக்காது.

இனி டெஸ்டுக்கு வருவோம். இரண்டு வகை உண்டு. முதலாவதில் நீரே கிடையாது. வாட்சை ஒரு சிறிய அறைக்குள் வைத்து மூடுவோம். உள்ளே ஒரு மெல்லிய முள் வாட்ச் கண்ணாடியின்மேல் தொட்டு நிற்கும். அறைக்குள் காற்றழுத்தத்தை ஏற்றினால், கண்ணாடியும் பின்மூடியும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு உள்ளே அமுங்கும். முள் அதை அளக்கும். வாட்சுக்குள் காற்று புகாவிட்டால் அமுங்கிய கண்ணாடி அப்படியே நிற்கும். புகுந்தால், உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் மெல்லச் சமமாகி, கண்ணாடி தன் பழைய இடத்துக்கே எழும்பிவிடும். ஒரு நிமிடத்தில் எவ்வளவு எழும்பியது என்பதுதான் முடிவு. ஓட்டை பெரியதாக இருந்தால் காற்று உடனே உள்ளே போய்விடும், கண்ணாடி அமுங்கவே அமுங்காது. இதைப் பார்த்து "அசையவே இல்லை, நல்ல வாட்ச்" என்று நினைத்துவிடுகிற புதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அசையாமல் இருப்பது ஆக மோசமான அறிகுறி.

அந்த ஆசிரியையின் வாட்ச் 3 பார் அழுத்தத்தில் நன்றாகத் தாங்கியது. காற்றை வெளியே உறிஞ்சி, அறைக்குள் அழுத்தத்தை வெளிக்காற்றைவிட 0.5 பார் குறைத்தபோது அரை நிமிடத்தில் தோற்றது. அதிக அழுத்தத்தில் தேறியது குறைவான அழுத்தத்தில் எப்படித் தோற்கும் என்று தோன்றலாம். 3 பாரில் வெளிக்காற்றே பின்மூடியை வளையத்தின்மேல் அழுத்திக்கொடுக்கிறது. சோர்ந்துபோன ரப்பருக்கு அது கைகொடுக்கிற மாதிரி. உறிஞ்சும்போது அந்த உதவி இல்லை. மூடி வெளிப்பக்கமாக விலகப் பார்க்கிறது. ரப்பர் தன் சொந்தப் பலத்தில் மட்டும் நிற்க வேண்டியிருக்கிறது. நான் மேலே சொன்ன அந்த முக்கால் மீட்டர் உறிஞ்சலும் இப்படித்தான்: நீரை உள்ளே இழுக்கப் போதும், மூடியை இறுக்கிப் பிடிக்கப் போதாது. அதனால் ஆழ்கடலுக்குத் தாங்கும் என்று காட்டுகிற வாட்ச் குளியலறையில் நனைந்து நிற்பது நடக்கக்கூடியதே. உங்கள் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது "எத்தனை பார் வரை பார்த்தீர்கள்" என்பதை மட்டுமல்ல. "வேக்யூமிலும் பார்த்தீர்களா" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

உலர்ந்த டெஸ்ட் கசிகிறது என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது. அதற்கு இரண்டாவது வகை. பாதி நீர் நிரப்பிய கண்ணாடிக் குழலில், நீருக்கு மேலே காற்றில் வாட்சைத் தொங்கவிட்டு, 3 பார் வரை கைப்பம்பால் அடித்து, நான்கைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். கசிவு இருந்தால் அந்த நேரத்தில் அழுத்தக்காற்று வாட்சுக்குள் ஏறிக்கொள்ளும். பிறகு வாட்சை நீருக்குள் இறக்கி, அழுத்தத்தை மெல்லத் திறந்துவிட்டால், ஏறிய காற்று வந்த வழியே குமிழியாக வெளியேறும். பட்டை மாட்டுகிற லக்கின் இடுக்கிலும் கண்ணாடியைச் சுற்றியுள்ள பெஸலுக்கு அடியிலும் தங்கிய காற்றும் ஒன்றிரண்டு குமிழியாக விடுபட்டு நின்றுபோகும். அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது. ஒரே இடத்திலிருந்து மணி கோத்ததுபோல் இடைவிடாமல் வருவதுதான் கசிவு. அதைக் கண்ட அந்த நொடியே வாட்சை நீருக்கு மேலே தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் டெஸ்டே நீரை உள்ளே விட்டுவிடும். கசிகிறது என்று ஏற்கெனவே தெரிந்த வாட்சை மெஷினோடு நான் இந்தக் குழலில் இறக்குவதில்லை. மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் கேஸை அதே மூடி, அதே வளையம், நேரம் திருத்துகிற அதே சாவியோடுதான் இறக்குகிறேன்.

அவருடைய கேஸில் குமிழி பின்மூடியின் ஓரத்தில், ஏழாம் எண்ணுக்கு நேரே வந்தது. திறந்து லென்ஸில் பார்த்தபோது வளையத்தின் அந்த இடத்தில் ஒரு துணி நூல் குறுக்கே படுத்திருந்தது; ரப்பரில் அதன் அச்சு பதிந்திருந்தது. பாட்டரி மாற்றும்போது துடைத்த துணியிலிருந்து வந்ததாக இருக்கலாம். பள்ளத்தை மரக்குச்சியாலும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலாலும் சுற்றிலும் சுத்தம் செய்து, புது வளையத்தை சிலிக்கான் கிரீஸ் தோய்த்த பஞ்சில் ஒருமுறை ஒற்றி எடுத்து வைத்தேன். கிரீஸ் விரலுக்குப் பளபளப்பாகத் தெரியும் அளவே போதும். மூடி சுழலும்போது ரப்பர் முறுக்கிக்கொள்ளாமல் வழுக்குவதற்குத்தான் அது; ஓட்டையை அடைப்பதற்கு அல்ல. பழைய வளையத்தின்மேல் நிறைய கிரீஸ் தடவி மூடிக் கொடுத்தால் அன்றைய டெஸ்டில் தேறிவிடும், இரண்டு மாதத்தில் மறுபடி கசியும். சாரல் நாளாக இருந்ததால், மூடுவதற்கு முன் மேசை விளக்கின் கீழ் சிறிது நேரம் வாட்சைக் காயவிட்டேன். பிறகு வேக்யூமிலும் 6 பார் வரையிலும் பார்த்தேன், தேறியது. என் இயந்திரம் 6 பாருக்கு மேல் போகாது. வாட்சில் 100 மீட்டர் என்று இருந்தாலும் ரசீதில் 6 பார் என்றுதான் எழுதிக் கொடுத்தேன்.

டெஸ்டின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். அது அன்றைய தேதிக்கு, அந்த வெப்பநிலைக்கு, சாவி உள்ளே தள்ளிய நிலைக்கு மட்டுமே சாட்சி. சாவிக்குள்ளே, தண்டைச் சுற்றி, தனியாக ஒரு சிறிய வளையம் இருக்கிறது. பாட்டரி மாற்றும்போது அதை யாரும் தொடுவதில்லை. நேரம் திருத்தும்போதெல்லாம் அது தேய்ந்துகொண்டே வரும். பின்மூடி வளையத்தைப் புதிதாகப் போட்ட பிறகும் கசிந்தால், அடுத்து நான் சந்தேகப்படுவது அதைத்தான். சோப்பும் வெந்நீரும் டெஸ்டில் சேர்வதே இல்லை. மேலும் 'தேறியது' என்பதற்குக் காற்றே புகாது என்று பொருள் இல்லை: நீர் புகாத வாட்சுகளுக்கென்று 2010இல் வந்த ஐ.எஸ்.ஓ. 22810 தரவிதிகூட 2 பார் காற்றழுத்தத்தில் நிமிடத்துக்கு 50 மைக்ரோகிராம் வரை காற்று புகுவதை அனுமதிக்கிறது.

அதே விதியில் உள்ள பனிச் சோதனை ஒன்றுதான் உங்கள் ஐயத்துக்கு நேரடியான பதில். வாட்சை 40 முதல் 45 டிகிரி வரை சூடான தட்டின்மேல் வைத்து, அது அந்தச் சூட்டுக்கு வந்ததும், கண்ணாடியின்மேல் 18 முதல் 25 டிகிரிக்குள் உள்ள நீரை ஒரு துளி விட வேண்டும். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் உள்பக்கம் பனி வட்டம் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய இயந்திரம் இல்லாத கடைகூட இதைச் செய்யலாம். நான் இதை இரண்டு முறை செய்யச் சொல்வேன்: இன்று ஒருமுறை, வாட்சை நனைக்காமல் ஒரு வாரம் அணிந்த பிறகு மறுமுறை. மூடும்போது அடைபட்ட ஈரம் மட்டும்தான் என்றால் இரண்டாவது முறை வட்டம் பெரிதாகியிருக்காது. வளர்ந்திருந்தால் வாட்சுக்குள் ஈரம் புதிதாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். வட்டம் விழவே இல்லை என்றாலும்கூட அந்தப் பழைய வளையத்தை விட்டுவைக்கலாம் என்று ஆகிவிடாது. பனிச் சோதனை உள்ளே இருக்கிற ஈரத்தைக் காட்டும். வளையத்தில் மிச்சமிருக்கிற பலத்தை அதனால் அளக்க முடியாது.

அதுவரை அருவிக்கோ குளியலறைக்கோ வாட்சோடு போகாதீர்கள், சாவியை வெளியே இழுத்தபடி கழுவாதீர்கள். வளையம் மாற்றக் கொடுக்கும்போது, முடிந்தால் கடையிலேயே நின்று, கழற்றிய பழைய வளையத்தைத் தூக்கிப் போடாமல் காட்டச் சொல்லுங்கள். அதை ஒரு வெள்ளைத் தாளில் புது வளையத்தின் பக்கத்தில் வைத்து, லென்ஸ் கொடுத்தால் வாங்கிப் பாருங்கள். இரண்டு விரலுக்கு நடுவே மெல்ல உருட்டினால் புதியது சுற்றிலும் உருண்டையாகத் தெரியும். பழையது மேலும் கீழும் தட்டையாகி, நாடாபோல் பளபளக்கும். உங்கள் மூடி அழுத்தி மூடுகிற வகையாக இருந்தால் விளிம்பில் எங்காவது வெட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். ரசீதில் வளையம் மாற்றிய தேதி, வேக்யூமில் பார்த்தாரா இல்லையா, எத்தனை பார் வரை பார்த்தார் என்ற மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த பாட்டரி மாற்றும்போது எந்த ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் அந்தத் தாளைக் காட்டினால், உள்ளே இருக்கிற வளையம் எத்தனை ஆண்டாக நசுங்கிக் கிடக்கிறது என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.